மாடு கிடைச்சுதா? ஒரு நடுகல் கண்காட்சிக்கு இரண்டாவது முறை பெயர் வைத்தபோது நடந்தது

தருமபுரியில் நாங்கள் போட்ட கண்காட்சிக்கு முதல் நாள் காலையில் வந்த முதல் ஆள் கையில் இஞ்ச் டேப் வைத்திருந்தார். புது வீடு கட்டுகிறாராம். சமையல் மேடைக்குக் கருப்பு கிரானைட் சதுர அடி என்ன விலை என்று கேட்டார். வாசலில் தொங்கிய ஃபிளெக்ஸை நான் திரும்பிப் பார்த்தேன். நானே டிசைன் செய்தது. "கல்லில் உறையும் காலம்" என்று கொட்டை எழுத்தில் இருந்தது, கீழே சின்னதாக "கண்காட்சி". கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்தில் கல் என்றால் முதலில் ஞாபகம் வருவது கிரானைட்தான், நெடுஞ்சாலையில் நின்றால் கல் ஏற்றிய லாரி போய்க்கொண்டே இருக்கும். அவர் மேல் என்ன தப்பு இருக்கிறது?

அந்தப் பெயர் எப்படி வந்தது, ஏன் வேலை செய்யவில்லை, நாலு மாதம் கழித்து அதே பொருட்களைக் கிருஷ்ணகிரியில் வைத்தபோது பெயரை எப்படி மாற்றினோம் என்பதை எழுதி வைக்கிறேன். ஊர்ப்பக்கம் சின்னதாகக் கண்காட்சி, கைவினைச் சந்தை என்று நடத்துகிறவர்கள் பெரும்பாலும் இடம், தேதி, சிறப்பு விருந்தினர் எல்லாம் முடிவான பிறகு அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் ராத்திரியில்தான் பெயரைப் பற்றி யோசிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

முதலில் உள்ளே என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாலு பேர்: ஃபிளெக்ஸும் கல்யாணப் பத்திரிகையும் டிசைன் செய்து பிழைக்கிற நான், அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியர், கேமரா வைத்திருக்கும் ஒரு தம்பி. மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, ஊத்தங்கரை என்று சுற்றி, சண்டையில் விழுந்தவர்களின் நினைவாக நட்ட நடுகற்களைப் பார்த்து வந்தோம். இந்தப் பகுதியில் நடுகல் இல்லாத வட்டாரமே இல்லை எனலாம். வயல் வரப்பில், ஏரிக்கரையில், புளியமரத்தடியில் பலகைக் கல் ஒன்று நிற்கும். அதில் ஒரு வீரன் இடது கையில் வில்லும் வலது கையில் குறுவாளுமாக இருப்பான், உடம்பில் அம்பு தைத்திருக்கும், காலடியில் சின்னதாக மாடுகள். மேலே வட்டெழுத்தில் நாலைந்து வரி. ஊர் அனுமதியும் எங்கே தேவையோ அங்கே தொல்லியல் துறை அனுமதியும் வாங்கிக்கொண்டு அவற்றை மைப்படி எடுத்தோம். ஆசிரியர் சிலவற்றைக் கோட்டோவியமாகவும் வரைந்தார். ஆக, 34 மைப்படி, 18 ஓவியம்.

மைப்படி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கல்லை மெல்லிய பிரஷ்ஷால் தூசு போகத் தட்டி, தண்ணீரால் கழுவி, ஈரமாக்கிய காகிதத்தை அதன் மேல் ஒட்டுவார்கள். அப்புறம் கெட்டி மயிர் பிரஷ்ஷால் மெதுவாக அடித்துக்கொண்டே வந்தால் காகிதம் எழுத்துக் குழிக்குள் போய் உட்காரும். கொஞ்சம் காய்ந்ததும், துணி சுற்றிய ஒற்றியில் மை தொட்டு ஒற்றினால் மேடெல்லாம் கருப்பாகும், குழியெல்லாம் வெள்ளையாகவே நிற்கும். கல்லில் வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடத்தில் திடீரென்று ஒரு எழுத்து வெள்ளையாக எழுந்து வரும்போது சுற்றி நிற்கிற ஆடு மேய்க்கிறவர்கள்கூட "ஏ!" என்பார்கள். எண்ணெயும் மஞ்சளும் பூசிக் கும்பிடுகிற கல்லில் காகிதம் ஒட்டாது, ஒட்ட முயற்சிப்பதும் மரியாதை இல்லை. அவற்றைத் தம்பி படம் மட்டும் எடுத்தான்.

இவ்வளவு திட்டவட்டமான சமாச்சாரத்துக்குத்தான் "கல்லில் உறையும் காலம்" என்று பெயர் வைத்தோம்.

அது வந்த விதம் இதுதான். வாட்ஸ்அப் குழுவில் ஆளுக்கு நாலு பெயர் போட்டோம். ஒவ்வொரு பெயருக்கும் யாராவது ஒருவர் ஒரு குறை சொன்னார். இதற்கு மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது, மோனை இருந்தது, யாரையும் உரசவில்லை. யாருமே மறுக்காத பெயரை நல்ல பெயர் என்று நினைத்துக்கொண்டோம். இப்போது யோசித்தால், மறுப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை என்பதுதான் விஷயம். அதே பெயரைப் புதைபடிவக் கண்காட்சிக்கு வைக்கலாம், கோயில் சிற்பப் புகைப்படங்களுக்கு வைக்கலாம், மாமல்லபுரத்துச் சிற்பிகள் கடை போட்டால் அதற்கும் வைக்கலாம். இன்னொரு கண்காட்சிக்கு அப்படியே பொருந்துகிற பெயர் உங்களுடையது இல்லை. இந்தச் சோதனை ஒரு நிமிட வேலை. அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு யாருக்கும் அது தோன்றவில்லை.

மூன்று நாள் நடந்தது. வருகைப் பதிவு நோட்டில் 96 கையெழுத்து, அதில் பாதிக்கு மேல் பேராசிரியர் சொல்லி வந்த கல்லூரிப் பிள்ளைகள். கூட்டம் குறைவு என்பது எனக்குப் பெரிய வருத்தம் இல்லை, மழை இருந்தது, முகூர்த்த நாள் வேறு. ஆனால் பெயர்தான் கோளாறு என்று காட்டிய இரண்டு விஷயம் இருந்தது. ஒன்று, உள்ளே வந்து ஒரு நிமிடத்துக்குள் திரும்பிப் போனவர்கள். டேப்காரர் மட்டும் இல்லை, ராசிக்கல் என்று நினைத்து ஒரு அம்மாவும், பழைய நாணயம் வாங்குவீர்களா என்று ஒருவரும் வந்து போனார்கள். இவர்களால் நஷ்டம் ஒன்றும் இல்லை, சிரித்துவிட்டு விடலாம். இரண்டாவதுதான் வலித்தது. கடைசி நாள் சாயங்காலம், பக்கத்து ஏடிஎம்முக்கு வந்தவர் சும்மா எட்டிப் பார்த்து, ஒரு மைப்படி முன்னால் அப்படியே நின்றுவிட்டார். "இது எங்க ஊர் வேடியப்பன் மாதிரியே இருக்குதுங்களே" என்றார். நடுகல்லை இந்தப் பக்கத்து ஊர்களில் பெரும்பாலும் வேடியப்பன் என்றுதான் கும்பிடுகிறார்கள். போகும்போது, "இதுன்னு தெரிஞ்சிருந்தா எங்கப்பாவைக் கூட்டிட்டு வந்திருப்பேன், வெளியே போர்டுல ஒண்ணும் சொல்லலையே" என்றார். யாருக்காக அந்தக் கண்காட்சியோ அவரே தற்செயலாகத்தான் வந்திருக்கிறார். மற்ற நாள் எத்தனை பேர் அந்த போர்டைக் கடந்து போனார்களோ, கணக்கில்லை.

இதில் ஒரு பக்கப் பேச்சு. 1874இல் பாரிஸில் மோனே முதலானோர் சேர்ந்து தனியாக ஓவியக் கண்காட்சி நடத்தியபோது அவர்கள் குழுவுக்கு வைத்த பெயர், ஓவியர்கள், சிற்பிகள், செதுக்கோவியர்கள் முதலானோரின் சங்கம் என்கிற ரீதியில், கூட்டுறவுப் பால் சொசைட்டி போலத்தான் இருந்தது. மோனேயின் "இம்ப்ரெஷன், சூரிய உதயம்" என்ற படத்தின் பெயரை வைத்து லூயி லெராய் என்ற விமர்சகர் இம்ப்ரெஷனிஸ்டுகள் என்று கிண்டல் அடித்தார். 1877இல் மூன்றாவது கண்காட்சி வந்தபோது அந்தக் கிண்டல் பெயரையே அவர்கள் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். நமக்குத் திட்டுவதற்கு விமர்சகர்கூட வரவில்லை, நாமேதான் யோசிக்க வேண்டியிருந்தது.

கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளி மண்டபம் கிடைத்தது. இந்த முறை தேதி முடிவாவதற்கு ஆறு வாரம் முன்பே பெயருக்கென்று உட்கார்ந்தோம்.

பேராசிரியர் ஐயா முதலில் சொன்னது "நடுகல்". சொன்ன உடனே சரி என்றுதான் பட்டது, சுருக்கம், துல்லியம். தமிழ் படித்தவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம். ஆனால் வெளியே போய்க் கேட்டபோது, பள்ளிக்கூடத்தை விட்டு ரொம்ப நாளானவர்கள் நடுவில் இருக்கும் கல் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் சர்வே கல்லா என்று கேட்டார். தெரிந்தவர்களுக்கோ அது பாடப் புத்தக வார்த்தை, தொல்காப்பியம் சொல்கிற கல் நடும் படிகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று மனப்பாடம் செய்த ஞாபகம் வந்து "ஓ, நடுகல்லா" என்று முடித்துக்கொண்டார்கள். என்ன இருக்கும் என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது, அதனாலேயே பார்த்தாகிவிட்டது போல ஆகிவிட்டது. தெளிவு மட்டும் இருந்தால் இதுதான் சிக்கல். (மாங்கனிக் கண்காட்சிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. கிருஷ்ணகிரியில் வருஷா வருஷம் நடக்கிறது, உள்ளே மாம்பழம் இருக்கும் என்று சொன்னாலே போதும், ஜனங்கள் குடும்பத்தோடு வருவார்கள். பொருளே இழுக்கிற இடத்தில் பெயர் சாமர்த்தியம் காட்டக் கூடாது.)

அடுத்து "கரந்தை". கவர்ந்து போன ஆநிரையை மீட்கிற போருக்குச் சரியான இலக்கணப் பெயர். ஐயாவுக்கு ரொம்பப் பிடித்தது. தம்பி ஃபோனில் தன் மாமாவிடம் கேட்டான், "தஞ்சாவூர்ல ஒரு இடம்தானே அது?" என்றார். அவ்வளவுதான், விட்டோம்.

"பட்டான் கல்" என்று நான் சொன்னேன். கல்வெட்டு வாசகமே அதுதான். இன்னார் தொறு கொண்ட ஞான்று தொறு மீட்டுப் பட்டான் கல் என்று வரும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் செத்தான். எனக்கு இதில் ஒரு கெத்து தெரிந்தது, இப்போதும் தெரிகிறது. ஆனால் டீக்கடையில் சொல்லிப் பார்த்தபோது கேட்ட எல்லாருடைய காதிலும் "பட்டா" என்றுதான் விழுந்தது. நிலத் தகராறு, கல் நடுதல், தாலுகா ஆபீஸ். ஒருவர் தன் சொந்தப் பட்டா பெயர் மாற்றப் பிரச்சினையைக் கால் மணி நேரம் சொல்லிவிட்டுப் போனார். எழுத்தில் நன்றாக இருக்கிற பெயர் காதில் வேறாக விழலாம். ஊர்ப்பக்கத்தில் கண்காட்சிச் சேதி வாய்வழியாகத்தான் பரவுகிறது, ஆகவே ஃபோனில் ஒரே தடவை சொன்னால் எதிராளி அதைத் திருப்பிச் சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்க வேண்டும். பட்டான் கல் அதில் தேறவில்லை.

பிறகு "வேடியப்பன்". ஏடிஎம்காரர் ஞாபகத்தில் ஆசிரியர் சொன்னது. எங்கள் ஆட்களுக்கு இதைவிட நெருக்கமான சொல் இல்லை. ஆனால் அது ஒரு சாமியின் பெயர், பத்திரிகையில் போட்டால் கும்பாபிஷேகம், திருவிழா என்றுதான் படும், தேங்காய் பழத்தட்டோடு வருவார்கள். அது போகட்டும். மைப்படி எடுக்க அனுமதித்த ஒரு ஊரில் பெரியவர் ஒருவரிடம் சொன்னபோது, "படம் மாட்டுங்க, விளக்கம் சொல்லுங்க, ஆனா சாமி பேரைத் துணியில அடிச்சு ரோட்ல கட்டுவீங்க, முடிஞ்சதும் அது எங்க கிடக்கும்?" என்று கேட்டார். ஃபிளெக்ஸ் தொழிலில் இருக்கிறவன் என்கிற முறையில் எனக்குப் பதில் தெரியும். தக்காளிக் கூடை மேல் மூடுவார்கள், மாட்டுக் கொட்டாய்க்குக் கூரை போடுவார்கள். பெயர் போர்டிலிருந்து போனது. ஆனால் அழைப்பிதழின் உள்பக்கத்தில் "வேடியப்பன் என்று நாம் கும்பிடும் கற்கள்" என்று ஒரு வரி போட அவரே சம்மதித்தார்.

மூன்று வாரம் இப்படியே போனது. சரி, வேறு பக்கமிருந்து பார்ப்போம் என்று ஆசிரியர் தருமபுரி வருகைப் பதிவு நோட்டை எடுத்து வந்தார். அதன் பின்பக்கத்தில், வந்தவர்கள் கேட்ட கேள்விகளை அவர் சும்மா கிறுக்கி வைத்திருந்தார். எனக்கு அது தெரியவே தெரியாது. "இவர் யாரு?", "ஏன் அம்பு குத்தியிருக்கு?", "கால்கிட்ட நாய்க்குட்டியா?" (மாடுதான், சின்னதாகச் செதுக்கியிருப்பார்கள்), "யார் மாடு?" இப்படி ஒரு பக்கம். அதில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டது ஒன்று இருந்தது. ஆசிரியர் அவனிடம், பக்கத்து ஊர்க்காரன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான், இவர் மீட்கப் போனார், சண்டையில் இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கிறார். அவன் கேட்டது: "மாடு கிடைச்சுதா சார்?"

நாலு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. எல்லாரும் வீரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் ஒருவன்தான் விஷயத்தைக் கேட்டிருக்கிறான்.

தம்பி உடனே அதையே பெயராக வைத்துவிடலாம் என்றான். எனக்கும் ஆசைதான். ஆனால் "மாடு கிடைச்சுதா?" என்று பெரிதாக எழுதிக் கட்டினால் மாட்டுச் சந்தை விளம்பரமா, காணாமல் போன மாடா என்றுதான் தோன்றும். அதோடு செத்துப்போனவர்களுக்கு எடுத்த கல் அது, இன்னும் கும்பிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன, பெயர் கிண்டல் போல ஒலிக்கக் கூடாது. ஆகவே அந்தக் கேள்வியைப் பெயரில் வைக்காமல், அந்தக் கேள்வி யார் வாயிலும் தானாக வருகிற மாதிரி ஒரு பெயர் வேண்டும் என்று முடிவு செய்தோம். "மாடு மீட்கப் போனவன்" என்று ஆசிரியர் எழுதினார். அதை எழுதிய பிறகு வேலை அவ்வளவாக இல்லை, ஒவ்வொரு சொல்லாக உரசிப் பார்த்ததுதான்.

"தேடி" என்றா, "மீட்க" என்றா? தேடிப் போனால் மாடு தானாகத் தொலைந்தது, மீட்கப் போனால் யாரோ கொண்டுபோயிருக்கிறார்கள். இந்த ஒரு வினையில் திருட்டு, சண்டை, ஆபத்து எல்லாம் ஒளிந்திருக்கிறது. அடகு நகை மீட்பது ஞாபகம் வரும் என்று நான் பயந்தேன், மாடு என்று முன்னால் வந்துவிடுவதால் யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. "மாடு" என்றா, "ஆநிரை" என்றா? ஐயா அரை மணி நேரம் ஆநிரைக்காக வாதாடினார், கடைசியில் அவரே சிரித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார். "போனவன்" என்பதை அந்த ஊர்ப் பெரியவர் மாற்றினார். "அவன் இவன்னு போடாதீங்க, எங்களுக்குக் குலசாமி" என்றார். "போனவர்" என்றால் ஒரே ஒரு ஆளின் கதை என்று ஆகிவிடும். "போனவர்கள்" என்றானது. போனவர்கள் என்று நிறுத்தியதில்தான் எல்லாம் இருக்கிறது, வந்தார்களா என்று அது சொல்லவில்லை.

மாடு மீட்கப் போனவர்கள்.

டீக்கடையில் மறுபடியும் சோதனை. இங்கே நாங்கள் செய்த ஒரு காரியம் உபயோகமானது என்று நினைக்கிறேன். பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூடாது. கேட்டால் "சூப்பர்ண்ணா" என்பார்கள், கல்லில் உறையும் காலத்துக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பெயரைச் சொல்லிவிட்டு, இப்படி ஒரு கண்காட்சி வருகிறது என்று மட்டும் சொல்லிச் சும்மா இருக்க வேண்டும். அடுத்து அவர் என்ன கேட்கிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டும். பழைய பெயருக்கு வந்தது "அப்படின்னா?" என்ற ஒரே கேள்விதான். அது ஆர்வம் இல்லை, குழப்பம், அதைக் கேட்டவர் நம் பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் டீயைக் குடிக்கப் போய்விடுவார். புதுப் பெயரை 11 பேரிடம் சொன்னோம். "எந்த ஊர்ல?", "எப்ப நடந்துச்சு?", "யார் ஓட்டிட்டுப் போனது?" என்று வந்தது. இரண்டு பேர் அதையே கேட்டார்கள்: கிடைச்சுதா என்று. குழப்பத்தில் கேட்பவர் பெயரைப் பற்றிக் கேட்கிறார், ஆர்வத்தில் கேட்பவர் பெயருக்குள் இருக்கும் ஆளைப் பற்றிக் கேட்கிறார். இந்த வித்தியாசத்தைக் காது கண்டுபிடித்துவிடும்.

ஆனால் குறையும் தெரிந்தது. 11 பேரில் நாலு பேர் இது நாடகம் என்று நினைத்தார்கள். இந்தப் பக்கம் தெருக்கூத்து உண்டு, அதில் மகாபாரதத்தில் விராடன் மாடுகளைக் கௌரவர்கள் ஓட்டிப் போவதும் அர்ஜுனன் மீட்பதும் வரும், ஆகவே அவர்கள் நினைத்ததில் நியாயம் இருக்கிறது. பெயர் ஆளை இழுக்கிறது, ஆனால் சுவரில் என்ன மாட்டியிருக்கும் என்று சொல்லவில்லை. அதைச் செய்ய வேண்டியது துணைப்பெயர். எல்லாச் சுமையையும் ஒரே வரியில் ஏற்றப் பார்த்ததுதான் எங்கள் பழைய தப்பு. மேல் வரியில் நடந்தது இருக்கட்டும், கீழ் வரியில் பொருளும் ஊரும் இருக்கட்டும் என்று பிரித்தோம். "தருமபுரி, கிருஷ்ணகிரி நடுகற்களின் மைப்படிகளும் ஓவியங்களும்" என்று கீழ் வரி. அதில் அலங்காரம் கூடாது, அழகாக எழுதப் பார்த்தால் மறுபடி புகை மூட்டம்தான். ஒதுக்கி வைத்த "நடுகல்" இங்கே வந்து சரியாக உட்கார்ந்துகொண்டது. மைப்படி தெரியாதவர்களுக்கு நடுகல்லும் ஓவியமும் வழி காட்டும்.

இதற்குப் பிறகுதான் நான் எதிர்பார்க்காத பிரச்சினை வந்தது. பெயர் பொய் சொல்கிறதா என்று ஐயா கேட்டார். எண்ணிப் பார்த்தோம். 34 மைப்படியில் மாட்டுச் சண்டையில் இறந்தவர்களுடையது 21. புலியோடு சண்டை போட்டு இறந்தவர்களின் புலிகுத்திக் கல் 6, வீரனோடு பெண் உருவமும் இருக்கிற சதிக்கல் 3, எழுத்து தேய்ந்து எதற்காக எடுத்தது என்றே சொல்ல முடியாதது 4. மாடு மீட்கப் போனவர்கள் என்று கூப்பிட்டுவிட்டு உள்ளே வந்தால் மூன்றில் ஒன்றுக்கு மேல் வேறு கதை. பெயரை அகலமாக்கலாம் என்று ஒரு யோசனை, "காத்து நின்றவர்கள்" மாதிரி. உடனே அது மறுபடியும் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பெயராக ஆனது, போலீஸ் வீரவணக்க நாளுக்குக்கூட வைக்கலாம். கடைசியில் பெயரை விட்டுவிட்டுக் கண்காட்சியைத் திருத்தினோம். மண்டபத்தின் நீளச் சுவரில் 21 மட்டும், மாடு ஓட்டிப் போனதில் தொடங்கி ஆள் விழுந்து கல் எடுத்தது வரை வரிசையாக. ஓவியங்களையும் அதற்கேற்பப் பிரித்து வைத்தோம். மற்ற 13 மைப்படிகள் வாசல் பக்கச் சிறு அறையில், "இவர்கள் வேறு காரணத்துக்குப் போனவர்கள்" என்ற அட்டையோடு. தருமபுரியில் கிடைத்த ஆணியிலெல்லாம் மாட்டி வைத்திருந்தோம். பெயர் வைக்கிற வேலைதான் எங்களிடம் என்ன கண்காட்சி இருக்கிறது என்று எங்களுக்கே சொன்னது. ஆகவே பெயர் கடைசியில் வரக் கூடாது, மாட்டுவதற்கு முன்னால் வர வேண்டும்.

அச்சு வேலை பற்றிச் சொல்லாமல் போனால் தொழிலுக்குத் துரோகம். போர்டு வேலையில் பழைய கணக்கு ஒன்று உண்டு: 10 அடி தூரத்தில் வசதியாகப் படிக்க 1 அங்குல உயர எழுத்து. 150 அடியில் பஸ்ஸிலிருந்து பார்க்கிறவருக்கு 15 அங்குலம் வேண்டும். தமிழ் எழுத்துக்குக் கொம்பும் சுழியும் உள்ளதால் இன்னும் கொஞ்சம் கூட இருந்தால் நல்லது. 10 அடி அகல ஃபிளெக்ஸில் "மாடு மீட்கப்" ஒரு வரி, "போனவர்கள்" ஒரு வரி என்று அந்த அளவில் சரியாக உட்கார்ந்தது. இன்னும் இரண்டு எழுத்து கூடியிருந்தால் உட்கார்ந்திருக்காது. பெயரை முடிவு செய்கிறவர்கள் காகிதத்தில் எழுதிப் பார்க்கிறார்களே தவிர, ஃபிளெக்ஸ் அகலத்தில் யோசிப்பதில்லை.

அப்புறம் எழுத்துப்பிழை. அன்று எனக்கு வேறு வேலை இருந்ததால் அழைப்பிதழை இன்னொரு கடையில் அடிக்கக் கொடுத்தேன். நம் ஊர்க் கடைகள் பலவற்றில் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருதான், நாம் ஃபோனில் அனுப்புகிற யூனிகோடு ஒட்டாது, ஆபரேட்டர் பார்த்து மறுபடி அடிப்பார். நடுகற்கள் என்பதை அந்தப் பையன் "நடு கள்கள்" என்று அடித்து அனுப்பினான். ப்ரூஃபை ஐயாவுக்குக் காட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான் இறந்த பிறகு ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், நடுகல்லுக்கு மயில் பீலி சூட்டி, சின்னக் கலத்தில் நாரால் வடித்த கள்ளைத்தான் ஊற்றுகிறார்களாம். "பையன் தகடூர்க்காரன்ப்பா, சரியாத்தான் அடிச்சிருக்கான்" என்றார். திருத்தித்தான் அடித்தோம். "மீட்கப்" என்பதில் ப் விழுந்துவிடாமல் மூன்று முறை சரிபார்த்தேன், அது இல்லாமல் போயிருந்தால் கிருஷ்ணகிரித் தமிழாசிரியர்கள் அதை மட்டுமே பேசிவிட்டுப் போயிருப்பார்கள்.

கிருஷ்ணகிரியில் மூன்று நாளில் 310 கையெழுத்து. இதில் எவ்வளவு பெயரால் என்று சொல்ல முடியாது. பள்ளி மண்டபம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம், சனி ஞாயிறு சேர்ந்து வந்தது, மழை இல்லை. ஆகவே கையெழுத்து எண்ணிக்கையை வைத்து நான் பெருமை பேச மாட்டேன். நான் பார்த்தது வாசலை. ஒரு நிமிடத்துக்குள் திரும்பிப் போனவர்கள் மூன்று நாளில் ஐந்தாறு பேர்தான், கிரானைட் விலை யாரும் கேட்கவில்லை. கூத்து எத்தனை மணிக்கு என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கீழ் வரியையும் மீறி. அவர்களும் உள்ளே வந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒருவர், நாட்டுமாடு பாதுகாப்புச் சங்கமா என்று விசாரித்தார். இதெல்லாம் மிச்சம் இருக்கும் ஓட்டை, அடைக்க வழி தெரியவில்லை. ஏடிஎம்காரரும் தன் அப்பாவோடு தருமபுரியிலிருந்து வந்தார். ஆனால் அது பெயரால் இல்லை, நான் ஃபோன் செய்து கூப்பிட்டேன்.

இரண்டாம் நாள் மதியம், தலையில் முக்காடு போட்ட ஒரு பாட்டி பேரனோடு வந்தார். சுவரோரமாக ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர் பாதியில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, எல்லாரும் போனாங்க போனாங்கன்னு போட்டிருக்க. மாட்டை ஓட்டியாந்தாங்களா இல்லையா?"

"ஓட்டிட்டு வந்துட்டாங்க பாட்டி" என்று, மைப்படியில் வெள்ளையாகத் தெரிந்த எழுத்தில் விரல் வைத்துக் காட்டினேன். "இதுதான் தொறு மீட்டுன்னு இருக்கு, மாட்டை மீட்டாச்சு. அடுத்த வார்த்தை பட்டான்."

"செத்துட்டானா."

"ஆமா."

பாட்டி அந்தக் காகிதத்தைத் தொடப் போய், கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அடுத்து ஓசூரில் வைக்கலாம் என்று பேச்சு. அங்கே தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுகிறவர்கள் நிறைய, "மாடு மீட்கப் போனவர்கள்" என்பதை அவர்களிடம் அப்படியே கொண்டுபோனால் பாதிதான் போய்ச் சேரும். ஆனால் நடுகல்லை அவர்கள் வீரகல்லு என்பார்கள், கீழ் வரியில் அதைச் சேர்த்தால் பார்த்த உடனே புரியும். மேல் வரியை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. கன்னடம் தெரிந்த ஒருவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய் நாலு பேரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும், அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று.